மூடாத முக்கோணம்

காலையில் மேஸ்திரி கையில் கொடுத்த சீட்டைப் பார்த்ததும் அக்காவுக்கு வயிற்றில் ஏதோ இனித்தது. மூன்று வருடம் காத்திருந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? சீட்டில் மூன்றே மூன்று அளவு. 1850, 705, 1095. எல்லாம் மில்லிமீட்டர். கீழே, "முப்பத்தாறு செட், சாயங்காலத்துக்குள்" என்று மேஸ்திரியின் கோணல் எழுத்து.

அந்த இரும்புப் பட்டறையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வயதில் பெரியவர்களுக்கும் அவள் அக்காதான். பைப் அறுக்கும் மெஷினில் நிற்பாள். சீட்டில் என்ன இருக்கிறதோ அந்த நீளத்தில் பைப்பின் முனை முட்டி நிற்க ஸ்டாப்பர் என்ற தடுப்பை வைத்து அறுத்து, செட் செட்டாகக் கட்டி, வெல்டரிடம் தள்ளிவிட வேண்டும். வெல்டர் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடியும் கையுமாகத் திரிவதால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

வேலை இதுதான். ஒரு வரிசையாக முப்பத்தாறு கடைகள். ஒவ்வொரு கடை வாசலுக்கு மேலும் ஒரு தட்டையான முக்கோண முகப்பு. கீழே ஒரு நீள பைப், அதன் இரண்டு முனையிலிருந்தும் மேலே ஏறி உச்சியில் சந்திக்கும் இரண்டு சாய்வு பைப். முதலில் வந்த வரைபடத்தில் அடி 1850, சாய்வு 780, 1170. அது நல்ல கணக்கு. நேற்று கடைக்காரர்கள் ஃபோன் செய்து, உச்சி பெயர்ப்பலகையில் இடிக்கிறது, உயரத்தை எழுபத்தைந்து மில்லி இறக்கிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேஸ்திரி என்ன செய்தார்? இரண்டு சாய்விலும் ஆளுக்கு எழுபத்தைந்து கழித்துவிட்டார். உயரம் எழுபத்தைந்து குறையணும்னா சாய்வும் எழுபத்தைந்து குறையணும், அவ்வளவுதானே! அந்த மகா புத்திக்கு மாதச் சம்பளம் வேறு.

எழுநூற்றைந்தும் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்தும் சேர்ந்தால் ஆயிரத்து எண்ணூறு. அடி பைப் ஆயிரத்து எண்ணூற்றைம்பது. இரண்டு சாய்வையும் அடியின் மேலேயே படுக்க வைத்தால்கூட ஒன்றையொன்று தொடாது. நடுவில் ஐம்பது மில்லி ஓட்டை நிற்கும். படுத்தே தொடாதது எழுந்து நின்று எங்கே தொடும்?

சீட்டை இரண்டாம் தடவை படித்தபோது அக்காவுக்குத் தம்பியின் முகம் வந்து நின்றது.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த மெஷினில் நின்றவன் அவள் தம்பி. அவள் அப்போது பக்கத்தில் துளை போடும் மெஷினில் இருந்தாள். அன்றைக்கும் இதே மாதிரி முகப்பு வேலை. தம்பி அறுத்துக் கொடுத்ததை வெல்டர் கண்ணாடி எடுத்து வைத்துப் பார்த்தால் முக்கோணம் மூடவில்லை. இருபது மில்லி இடைவெளி. அறுபது பைப் வீண். மேஸ்திரி ஓடி வந்தார், சீட்டை வாங்கிப் பார்த்தார், பையில் போட்டார். அதற்கப்புறம் அந்தச் சீட்டை யாரும் கண்ணால் காணவில்லை. "நான் தொள்ளாயிரத்து எழுபது, ஆயிரத்து நானூத்தி ஐம்பதுன்னு எழுதிக் கொடுத்தேன். இவன் ஸ்டாப்பரை இருபது தள்ளி வச்சுட்டான். கண்ணு எங்கடா இருந்துச்சு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். தம்பி, "தொள்ளாயிரத்தைம்பதுன்னுதான் படிச்சேன்…" என்று இழுத்தான். மேஸ்திரி மறுபடி கத்த, அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தப்பாப் படிச்சுட்டேனோ என்னமோ" என்று சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தை போதும். முதலாளியம்மா அன்றைக்கே அவனை நிறுத்தினார்.

அளவு தெரியாதவன் என்று பெயர் எடுத்தவனை எந்தப் பட்டறை சேர்க்கும்? நாலு இடத்தில் கேட்டான், நாலு இடத்திலும் மேஸ்திரியின் வாய் அவனுக்கு முன்னால் போயிருந்தது. இப்போது ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறான். வீட்டில் கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறான். மருந்துச் சீட்டை அக்காவிடம் நீட்டி, இதுல என்ன போட்டிருக்கு, நீயே பாரு என்கிறான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "என்னை நம்பி ஒருத்தியா?" என்று எழுந்து போய்விடுகிறான்.

தம்பியின் இடத்துக்கு அக்காவைத்தான் போட்டார்கள். சோறு வேண்டுமே, நின்றாள். ஒரு மாதம் கழித்து, பழைய வேலை ஒன்றின் வரைபடத்தைத் தேடி ஆஃபீஸ் ஃபைலைப் புரட்டியபோது தம்பியின் வேலைக்கான தாள் கண்ணில் பட்டது. அடி 2400, சாய்வு 1000, 1480. ஓரத்தில் முதலாளியம்மாவின் எழுத்தில், "உயரம் ஐம்பது இறக்கக் கேட்கிறார்கள்." ஆயிரத்தில் ஐம்பது போனால் தொள்ளாயிரத்தைம்பது. ஆயிரத்து நானூற்று எண்பதில் ஐம்பது போனால் ஆயிரத்து நானூற்று முப்பது. தம்பி படித்த அதே அளவு! இரண்டும் சேர்ந்து இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. அடி இரண்டாயிரத்து நானூறு. இருபது இடைவெளி ஸ்டாப்பரில் இல்லை, மேஸ்திரியின் மண்டையில் இருந்தது.

அன்றைக்கே முதலாளியம்மாவிடம் ஓடியிருக்கலாம். ஆனால் சீட்டு இல்லை. "நான் முப்பதுதான் கழிச்சேன், இவ தம்பிக்குப் பரிஞ்சு பேசறா" என்று மேஸ்திரி ஒரே வாயில் ஊதிவிடுவார். அந்த ஆள் தன் கையாலேயே இன்னொரு தடவை எழுதட்டும், அப்போது பிடிக்கிறேன் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். தம்பியிடமும் மூச்சு விடவில்லை. அவனுக்கு மூக்கு நுனியில் கோபம். தெரிந்தால் அடுத்த நிமிஷம் வந்து மேஸ்திரியின் சட்டையைப் பிடிப்பான். மேஸ்திரி உஷாராகிவிடுவார், எல்லாம் பாழ்.

உயரம் இறக்கும் வேலை எப்போதாவதுதான் வரும். நடுவில் ஒரு தடவை வந்தது. அது செங்குத்தான முகப்பு என்பதால் மேஸ்திரியின் கழித்தலையும் தாங்கிக்கொண்டு எப்படியோ மூடிவிட்டது. அன்றைக்கு அக்கா வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். என்ன கோபம் என்று தம்பி கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

இன்றைக்குத்தான் அந்த நாள்.

ஆனாலும் அவள் நியாயத்தை விடவில்லை. பின்னால் யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, பாருங்கள். சீட்டோடு மேஸ்திரியிடம் போனாள். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, அளவு சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

"பாக்காமலா கொடுப்பேன்? எல்லாம் கூட்டிப் பாத்தாச்சு."

"ஒரே ஒரு செட் அறுத்துத் தரையில போட்டுப் பாத்துட்டு, அப்புறம் மத்ததை அறுக்கட்டுமா?"

முன்பெல்லாம் பட்டறையில் அதுதான் வழக்கம். முதல் செட்டைத் தரையில் வைத்துப் பார்க்காமல் இரண்டாவதை அறுக்க மாட்டார்கள். நேரம் போகிறது என்று அதை நிறுத்தியவரே மேஸ்திரிதான்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா? உன் தம்பி மாதிரி ஸ்டாப்பரைக் கோணலா வைக்காம, எழுதினதை எழுதினபடி அறு. அது போதும்."

கண்ணாடி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி என்ற சொல் காதில் விழுந்ததும் அக்காவுக்குள் மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் கழன்று விழுந்தது.

"அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேஸ்திரி. நாளைக்கு நான் தப்பாப் படிச்சேன்னு ஆகிடக் கூடாதுல்ல."

"உங்க குடும்பத்துக்கே பயம் பிடிச்சிருக்கு" என்று சிரித்தபடி மேஸ்திரி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார், மகராசன்! அக்கா சீட்டை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினாள், போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

வழக்கமாக நீளமான அடி பைப்பைத்தான் முதலில் அறுப்பாள். இன்றைக்குச் சாய்வுகளை முதலில் எடுத்தாள். அடியில் ஆரம்பித்து, நடுவில் யாராவது கண்டுபிடித்து நிறுத்திவிட்டால் அடி பைப் மட்டும் அறுபட்டிருக்கும், அது எப்படியும் உபயோகமாகிவிடும் அல்லவா? மேஸ்திரிக்கு அந்த வழியும் இருக்கக் கூடாது. எழுநூற்றைந்தில் முப்பத்தாறு. ஆயிரத்துத் தொண்ணூற்றைந்தில் முப்பத்தாறு. கடைசியில்தான் அடி. பத்துக்கு ஒரு தடவை டேப் வைத்துப் பார்த்தாள். ஒரு மில்லி பிசகவில்லை. தீப்பொறி பறக்கப் பறக்க அவளுக்குப் பாட்டே வந்தது. இவ்வளவு சந்தோஷமாக அவள் அந்த மெஷினில் என்றைக்கும் நின்றதில்லை. நல்ல இரும்பைக் கெடுக்கிறோமே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. அவள் அதை வாயை மூடு என்றாள்.

மூன்று மணிக்குக் கண்ணாடி முதல் செட்டை மேஜையில் வைத்தார். ஒரு முனையைச் சேர்த்தால் மறு முனை விலகுகிறது. மறு முனையைச் சேர்த்தால் உச்சி பிரிகிறது. இரண்டு சாய்வையும் தாழ்த்தித் தாழ்த்திப் பார்த்தார். கடைசியில் இரண்டும் அடி பைப்போடு ஒட்டிப் படுத்துக்கொண்டன, நடுவில் மூன்று விரல் நுழைகிற இடைவெளியோடு. கண்ணாடி தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் ஏற்றினார்.

"அக்கா, இது மூடல."

"மேஸ்திரியைக் கூப்பிடுங்க அண்ணே. முதலாளியம்மாவையும் கூப்பிடுங்க."

மேஸ்திரி வந்தார், பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் போட்ட அதே கூச்சல். "ஸ்டாப்பரைக் கோட்டை விட்டுட்டா! அக்காவும் தம்பியும் ஒரே அச்சு!" சொல்லிக்கொண்டே கை சுவர்ச் சீட்டை நோக்கிப் போனது. கண்ணாடி குறுக்கே நின்றார்.

"சீட்டு அங்கேயே இருக்கட்டும் மேஸ்திரி. அம்மா வரட்டும்."

முதலாளியம்மா வந்தார். அப்பா விட்டுப்போன பட்டறையைப் பன்னிரண்டு வருடமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவர். வரவு செலவில் புலி, இரும்பில் மட்டும் மேஸ்திரி சொன்னதுதான் அவருக்கு வேதம். நடந்ததைக் கேட்டுவிட்டு, டேப்பைக் கண்ணாடியிடம் கொடுத்து அளக்கச் சொன்னார். ஏழு பைப் எடுத்து அளந்தார்கள். ஏழும் சீட்டில் உள்ளபடியே இருந்தன.

"அறுத்தது சரியாத்தானே இருக்கு மேஸ்திரி?"

"அளவும் சரிதான்மா! நான் கூட்டிப் பாத்துத்தான் எழுதினேன்." மேஸ்திரி சாக்பீஸ் எடுத்துத் தரையில் குந்தினார். "ரெண்டு பக்கத்தைக் கூட்டினா மூணாவதை விட அதிகமா வரணும். அதானே விதி? ஆயிரத்து எண்ணூத்தைம்பதும் எழுநூத்தைந்தும் ரெண்டாயிரத்து ஐந்நூத்தைம்பத்தைந்து. மூணாவது ஆயிரத்துத் தொண்ணூத்தைந்து. எவ்வளவு அதிகம் பாருங்க. பைப் வளைஞ்சிருக்கும், இல்ல வெல்டருக்கு வைக்கத் தெரியல."

முதலாளியம்மா கணக்கைப் பார்த்தார். கூட்டலில் பிழை இல்லை. குழம்பிப்போய் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

அக்கா இந்த இடத்துக்குத்தான் மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. மேஸ்திரியின் கையிலிருந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கிறதுலயே பெரிசைக் கூட்டல்ல சேத்துட்டா, கூட எதைப் போட்டாலும் மிச்சமிருக்கிற சின்னதை விட அதிகமாத்தான் வரும். அது சோதனையே இல்ல. ரெண்டு சின்னதைக் கூட்டி, பெரிசை ஜெயிக்குதான்னு பாக்கணும். எழுநூத்தைந்தும் ஆயிரத்துத் தொண்ணூத்தைந்தும் எவ்வளவு மேஸ்திரி? வாய் விட்டுச் சொல்லுங்க."

முதலாளியம்மா சொன்னார், "ஆயிரத்து எண்ணூறு."

"அடி ஆயிரத்து எண்ணூத்தைம்பது. ஐம்பது பத்தல. அந்த ஐம்பதுதான் மேஜை மேல ஓட்டையா நிக்குது. சரிசமமா வந்திருந்தாக்கூட ஆகாது, மூணும் ஒரே கோடாப் படுத்துடும். ஒரு மயிரிழையாவது அதிகம் வேணும். இவர் இத்தனை வருஷமா சீட்டுல முதல்ல எழுதின ரெண்டைக் கூட்டிட்டு இருக்காரு. முதல்ல எழுதறது எப்பவும் அடி. அடிதான் பெரிசு. அப்புறம் எது தப்பா வரும்?"

பட்டறையில் எல்லா மெஷினும் நின்றிருந்தது. மேஸ்திரியின் முகம் வெளிறிப்போனது. அக்கா அதை ஆசை தீரப் பார்த்தாள்.

"அம்மா, மூணு வருஷம் முன்னாடி என் தம்பி அறுத்த முகப்பு வேலையோட ஃபைலை எடுங்க. ரெண்டாயிரத்து நானூறு அடி. ஓரத்துல ஐம்பது இறக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

முதலாளியம்மா ஆஃபீஸுக்குப் போய் ஃபைலோடு திரும்பி வந்தார். அவர் நின்றபடியே பென்சிலால் கழித்தார், கூட்டினார். தொள்ளாயிரத்தைம்பது. ஆயிரத்து நானூற்று முப்பது. இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது. பென்சில் நின்றது.

"அன்னிக்கு அவன் தொள்ளாயிரத்தைம்பதுன்னுதானே சொன்னான்?" என்றார் மெதுவாக. "சீட்டு எங்க மேஸ்திரி? அன்னிக்கு உங்க பையிலதானே போட்டீங்க?"

"அது… எப்பவோ நடந்தது. ஒரு பதட்டத்துல கிழிச்சுட்டேன்மா." மேஸ்திரி தரையைப் பார்த்தபடி சொன்னார். "வேலை போயிடும்னு பயந்துட்டேன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

"என் தம்பிக்கு வரவேண்டிய பிள்ளை குட்டியை நீ தின்னுட்டே" என்றாள் அக்கா. மரியாதை எல்லாம் எங்கோ போய்விட்டது. "பட்டறைச் சாவியை வெச்சுட்டுப் போ."

அதை முதலாளியம்மாதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவரும் மறுக்கவில்லை. கையை நீட்டினார். மேஸ்திரி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நாலு பட்டறைக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள்.

"காலையிலேயே உனக்குத் தெரியும்" என்றார் முதலாளியம்மா. அது கேள்வியாக வரவில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தெரிந்தே செய்தாள் என்பது தெரியாவிட்டால் இதில் என்ன ருசி? "தெரியும்மா. ஒரு செட் போட்டுப் பாக்கலாம்னு சொன்னேன். கையெழுத்தும் கேட்டேன். அதுக்கு மேல சொல்ல எனக்கு மனசு வரல. வேணும்னா என்னையும் நிறுத்துங்க."

முதலாளியம்மா சுவரிலிருந்த சீட்டைப் பிய்த்து ஃபைலில் வைத்தார். "அப்ப எவ்வளவு அறுக்கணும்?"

அக்கா தரையில் முட்டி போட்டாள். 1850-க்குக் கோடு இழுத்தாள். 780, 1170 பழைய சாய்வுகளைப் போட்டு உச்சியைக் குறித்தாள். உச்சியிலிருந்து நேர் கீழே எழுபத்தைந்து இறங்கிப் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு முனைக்கும் டேப் பிடித்தாள். எழுநூற்று ஐம்பத்து நாலு. ஆயிரத்து நூற்று ஐம்பத்து மூன்று. "ஒண்ணுல இருபத்தாறு, ஒண்ணுல பதினேழு கழிச்சாப் போதும்மா. கூட்டினா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. ஐம்பத்தேழு அதிகம். மூடும்."

"நாளைக்கு உன் தம்பியைக் கூட்டிட்டு வா" என்றார் முதலாளியம்மா. "நான் அவன்கிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். வீணான இரும்பை உன் சம்பளத்துல பிடிக்கிறதா வேண்டாமான்னு அப்புறம் பேசிக்கலாம்."

அக்கா வீட்டுக்கு நடந்தாளா பறந்தாளா, அவளுக்கே தெரியாது. தம்பி அப்போதுதான் கிடங்கிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவள் வாசலிலிருந்தே ஆரம்பித்தாள். சீட்டு, கையெழுத்து, கூச்சல், சாக்பீஸ், வெளிறிய முகம், சாவிக்கொத்து. மேஸ்திரி மாதிரி குந்தி உட்கார்ந்து நடித்தும் காட்டினாள். "நீ படிச்சது சரிடா! தொள்ளாயிரத்தைம்பதுதான் எழுதியிருந்தான். உன் கண்ணுல தப்பே இல்ல!"

தம்பி துண்டைக் கையில் பிடித்தபடி நின்றான். அழப்போகிறான், அழட்டும், நல்லது என்று அவள் நினைத்தாள்.

"ஃபைலை எப்போ பாத்தே?" என்றான்.

"எந்த ஃபைலை?"

"ஐம்பது இறக்கணும்னு எழுதியிருந்த தாளு. இன்னிக்கா பாத்தே?"

"நீ வேலையை விட்டு ஒரு மாசத்துல…" என்றாள். "உன்கிட்டச் சொன்னா நீ போய் அவனை அடிச்சிருப்பே. அவன் உஷாராயிருப்பான். சரியான நேரம் வரட்டும்னுதான்டா…"

தம்பி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவள் எதிர்பார்த்த கோபம் அவனிடம் வரவில்லை, கத்தவும் இல்லை.

"மூணு வருஷமா ராத்திரி கண்ணை மூடினா அந்தச் சீட்டுதான் வரும். ஒவ்வொரு நாளும் வேற வேற நம்பர் தெரியும். என் கண்ணையே நான் நம்பாம இருந்தேன். நீ பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தே" என்றான் தம்பி. "அவன் என்கிட்ட ஒரு நாள்தான்க்கா பொய் சொன்னான்."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவன் உள்ளே போனான். அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் காலையில் அவனைப் பட்டறைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.